அடி முன்னால், முறிவு கீழே



கண்ணில் அடிபட்டால் எல்லோரும் கண்ணைத்தான் பார்க்கிறோம். அந்தக் கண் குடியிருக்கும் எலும்புக் குழியை யாரும் நினைப்பதில்லை. இன்று நான் பேச வந்திருப்பது அந்தக் குழியைப் பற்றி. அதிலும் அதன் தரையைப் பற்றி. ஒரு முஷ்டி நேர் எதிரே இருந்து வந்து கண்ணில் விழுகிறது. குழியின் வாயைச் சுற்றியுள்ள விளிம்பு எலும்பு உடையவில்லை. விழியும் பல சமயம் கிழியாமல் தப்பிவிடுகிறது. ஆனால் அடி நேராகப் படாத ஓர் இடத்தில், விழிக்குக் கீழே, உள்ளே, குழியின் தரை உடைந்துபோகிறது. அடி விழுந்தது முன்னால், முறிந்தது கீழே. ஏன் இப்படி? "தரை எலும்பு மெல்லியது, அதனால் உடைகிறது" என்று உடனே ஒரு பதில் வரும். அந்தப் பதில் போதாது. ஏனென்றால் அந்தக் குழியில் தரையைவிட மெல்லிய சுவர் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் மெல்லியது ஏன் முதலில் உடையவில்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதே இன்றைய சொற்பொழிவின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெலிவு மட்டும் ஓர் எலும்பை முறித்துவிடாது, பின்னால் தாங்கல் இல்லாத மெலிவே முறிகிறது.

முதலில் அந்தக் குழியை மனக்கண்ணால் பார்ப்போம். வாய் அகன்று, பின்னே போகப்போகக் குறுகி, ஒரு முனையில் முடியும் கூம்பு அது. வாயின் அகலம் சுமார் 40 மில்லிமீட்டர், உயரம் சுமார் 35. ஆழம் ஏறத்தாழ 45. ஏழு எலும்புகள் சேர்ந்து இதை ஆக்குகின்றன. குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். அதில் விழிக்கோளம் எடுத்துக்கொள்வது ஏழு மில்லிலிட்டர் அளவுதான். மீதி இடமெல்லாம் கொழுப்பு, விழியை அசைக்கும் தசைகள், நரம்புகள், இரத்தக் குழாய்கள். இந்தக் குழிக்கு நான்கு சுவர்கள்: மேலே கூரை, கீழே தரை, காதுப் பக்கம் வெளிச்சுவர், மூக்குப் பக்கம் உட்சுவர். ஒவ்வொரு சுவரையும் பார்த்து, "நீ எவ்வளவு தடிமன்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உனக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் நமக்கு வழிகாட்டப் போகிறது.

வெளிச்சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பொட்டுப் பக்கத்தில் தடித்த தசை இருக்கிறது. சுவரும் நான்கில் மிக உறுதியானது. கூரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மூளையும் அதன் உறைகளும் இருக்கின்றன. கூரையும் சில இடங்களில் மெல்லியதுதான். ஆனால் அது வில்போல் வளைந்திருக்கிறது, அதன்மேல் மூளையின் கனம் அமர்ந்திருக்கிறது. உட்சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சல்லடை எலும்பின் சிற்றறைகள். இந்த உட்சுவர்தான் நான் சொன்ன மிக மெல்லிய சுவர். பல இடங்களில் அதன் தடிமன் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர்தான். பின்னால் இருந்து வெளிச்சம் காட்டினால் ஒளி ஊடுருவும். ஆனால் அந்தச் சிற்றறைகளைப் பிரிக்கும் குறுக்குத் தடுப்புகள் ஒவ்வொன்றும் வந்து இந்தச் சுவரில் முட்டி நிற்கின்றன. இப்போது தரைக்கு வருவோம். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் பெரிய சைனஸ் அறை. அந்த அறைக்குள் காற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. தூணே இல்லாத ஒரு பெரிய கூடத்தின்மேல் போட்ட மெல்லிய மாடித் தளம் எப்படியோ, அப்படித்தான் இந்தத் தரை.

சுவர்களைப் பார்த்தாயிற்று. அடியின் விசை அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது? இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. அமெரிக்காவின் பைரன் ஸ்மித், வில்லியம் ரீகன் என்ற இருவர் 1957இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இறந்த ஒருவரின் மூடிய இமைமேல், அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில் பயன்படும் பந்து ஒன்றை வைத்து, அதன்மேல் சுத்தியலால் அடித்தார்கள். விளிம்பு உடையவில்லை, தரை உடைந்தது. அவர்களின் விளக்கம் இது: விழியும் கொழுப்பும் பெரும்பாலும் நீர் நிறைந்தவை, நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. முன்னால் இருந்து அமுக்கினால் அழுத்தம் நாலாபக்கமும் பரவும். எந்தச் சுவர் முதலில் இணங்குகிறதோ அது வெளியே வெடிக்கும். "ப்ளோ அவுட்" முறிவு என்று மருத்துவர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள். இரண்டாவது விளக்கத்துக்கு வலுச் சேர்த்தவர் ஜப்பானின் ஃபுஜினோ. 1974இல் வெளியான அவருடைய சோதனையில் விழியே இல்லை. உலர்ந்த மண்டையோடு மட்டும். கீழ் விளிம்பில் அடித்தார். அப்போதும் தரை உடைந்தது. விளிம்பு ஒரு கணம் பின்னால் தள்ளப்பட்டு வளைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்க முடியாமல் மெல்லிய தரை நெளிந்து முறிகிறது என்றார் அவர்.

இரு தரப்பில் யார் சொல்வது சரி? பல ஆண்டுகள் இதை வைத்து வாதம் நடந்தது. 1999இல் பிரிட்டனில் வாட்டர்ஹவுஸ் குழுவினர் இறந்தோர் உடல்களில் இரண்டு வகையாகவும் அடித்துப் பார்த்தார்கள். விளிம்பில் மட்டும் அடித்தபோது தரையின் முன்பகுதியில் சிறிய முறிவுகள் வந்தன. உள்ளிருந்த திசுக்கள் அதிகம் கீழே இறங்கவில்லை. விழிமேல் மட்டும் அடித்தபோது முறிவு பெரிதாக வந்தது, உட்சுவருக்கும் பரவியது, திசுக்கள் சைனஸுக்குள் சரிந்தன. ஆக, இரண்டு வழிகளும் உண்மையே. நிஜ வாழ்க்கையில் ஒரு முஷ்டி விளிம்பையும் விழியையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ஆனால் நம் கேள்விக்கு இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. விசை நீர்ம அழுத்தமாக வந்தாலும் தரை உடைகிறது. எலும்பின் நெளிவாக வந்தாலும் தரை உடைகிறது. வரும் வழி இரண்டானாலும் உடையும் இடம் ஒன்று என்றால், காரணத்தை விசையின் வழியில் மட்டும் தேடினால் போதுமா? தரையின் அமைப்பிலும் தேட வேண்டும் அல்லவா?

தேடுவோம். ஒரு மெல்லிய தட்டைச் சுற்றிலும் தாங்கி, அதன்மேல் சமமான அழுத்தம் கொடுத்தால், தட்டில் எழும் தகைவு எதைப் பொறுத்தது? தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையே உள்ள அகலத்தைத் தடிமனால் வகுத்து, அந்த விடையின் வர்க்கத்தை எடுத்தால் ஒரு மதிப்புக் கிடைக்கும்; தகைவு அந்த மதிப்பைப் பின்பற்றியே ஏறும். விளக்கத்துக்காக முழு எண்களாகச் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். உட்சுவரின் தடிமன் 0.3 மில்லிமீட்டர், குறுக்குத் தடுப்புகளுக்கு இடையே ஆறு மில்லிமீட்டர். ஆறை 0.3ஆல் வகுத்தால் 20. அதன் வர்க்கம் 400. தரையின் மெல்லிய பகுதியின் தடிமன் அரை மில்லிமீட்டர். ஆனால் கீழே தாங்கலே இல்லாத அகலம் 18 மில்லிமீட்டர். 18ஐ 0.5ஆல் வகுத்தால் 36. அதன் வர்க்கம் 1296. பார்த்தீர்களா? அதிகத் தடிமன் உள்ள தரையில்தான் மூன்று மடங்குக்கு மேல் தகைவு ஏறுகிறது. நிஜ எலும்பு இப்படிச் சீரான தட்டு அல்ல, அதில் ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஆனாலும் கணக்கு காட்டும் திசை தெளிவு. மெலிவால் உட்சுவர் இழந்ததைத் தடுப்புகள் மீட்டுக் கொடுக்கின்றன. தரைக்கு அப்படி மீட்டுக் கொடுக்க யாரும் இல்லை.

அதோடு முடியவில்லை. தரைக்குள் இன்னும் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு இந்தத் தரையின் வழியாகவே முன்னால் வருகிறது. பின்பாதியில் அது திறந்த பள்ளமாக ஓடுகிறது. முன்பாதியில் எலும்புக்குள் புதைந்து குழாயாகிறது. அந்தப் பள்ளம் தரையின் குறுக்கே போட்ட கீறல் போல் அமைந்துவிடுகிறது. முறிவு பெரும்பாலும் அதற்கு மூக்குப் பக்கமாக உள்ள மெல்லிய பரப்பில்தான் நிகழ்கிறது. இரண்டாவது, தரையின் பின்புறம் வெளிச்சுவரோடு ஒட்டவில்லை. நடுவே ஒரு பிளவு இருக்கிறது. அந்த ஓரத்தில் தரைக்குப் பிடிமானம் கிடையாது. மெல்லிய எலும்பு, கீழே வெற்றறை, நடுவே பள்ளம், ஓரத்தில் பிளவு. நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

இது வெறும் ஊகம்தானே, சாட்சி எங்கே என்று கேட்பீர்கள். சாட்சி நம் குழந்தைகளிடம் இருக்கிறது. பிறக்கும்போது மேல்தாடைச் சைனஸ் மிகச் சிறியது. வயது ஏற ஏற அது விரிந்து தரைக்கு அடியில் பரவுகிறது. நான் சொல்லும் காரணம் சரியென்றால், சைனஸ் விரியாத சிறு குழந்தைகளுக்குத் தரை அவ்வளவாக உடையக் கூடாது. உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நெற்றி முன்தள்ளி இருப்பதால் குழியின் கூரைதான் அதிகம் உடைகிறது. சுமார் ஏழு வயதை ஒட்டித்தான் தரை முறிவு கூரை முறிவை முந்துகிறது. கீழே வெற்றறை விரிந்த பிறகே தரை உடையத் தொடங்குகிறது என்றால், தாங்கல் இல்லாமையே காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: "உட்சுவரும் உடைகிறதே! சி.டி. ஸ்கேன் வந்த பிறகு உட்சுவர் முறிவுகள் எத்தனையோ தெரியவந்தன. கிழக்காசியாவின் சில தொகுப்புகளில் உட்சுவர் முறிவே அதிகம். உங்கள் வாதம் என்ன ஆயிற்று?" நியாயமான கேள்வி. உட்சுவர் உடையாது என்று நான் சொல்லவில்லை. தடுப்புகள் இருக்கும்வரை அது தாங்கும் என்றேன். சிற்றறைகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சிலருக்கு அறைகள் குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. அப்படித் தடுப்புகள் குறைந்து, ஒவ்வொரு தடுப்பும் தாங்க வேண்டிய பரப்பு கூடியவர்களுக்கே உட்சுவர் முறிவு அதிகம் என்று ஸ்கேன் படங்களை அளந்து பார்த்த ஆய்வு காட்டியிருக்கிறது. என் வாதத்துக்கு எதிராகக் கொண்டுவந்த சான்றே அதற்குத் துணையாக நிற்கிறது. தாங்கல் குறைந்த இடம் உடைகிறது. அது உட்சுவரானாலும் சரி, தரையானாலும் சரி.

இரண்டாவது மறுப்பு, மறுப்பு என்பதைவிட ஒரு நம்பிக்கை: "இயற்கை வேண்டுமென்றே தரையை மெல்லியதாக வைத்திருக்கிறது. தரை உடைந்து அழுத்தத்தை வெளியேற்றி விழியைக் காப்பாற்றுகிறது." கேட்க அழகாக இருக்கிறது. தரை உடையும்போது அழுத்தம் குறைவது உண்மை. அதனால் விழி தப்பும் வாய்ப்பு உண்டு என்பதையும் ஏற்கலாம். ஆனால் ஒன்றின் விளைவை அதன் நோக்கமாகக் கொள்வது சரியா? சைனஸ் விரிவதற்கு முகவளர்ச்சியே காரணம். முஷ்டி வரப்போகிறது என்று அது விரியவில்லை. இந்த நம்பிக்கையில் ஓர் ஆபத்தும் உண்டு. "தரை உடைந்துவிட்டது, ஆகவே விழி பிழைத்திருக்கும்" என்று யாராவது அசட்டையாக இருந்துவிட்டால்? தரை உடைந்தவர்களிலும் விழிக்குள் இரத்தம் தேங்கியவர்கள் உண்டு, விழித்திரை கிழிந்தவர்கள் உண்டு. ஆகவே தரை முறிந்த ஒவ்வொருவரின் விழியையும் கண் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு: "கண்ணில் அடி என்றால் எல்லா அடியும் தரையை உடைக்கிறதா?" இல்லை. அடிக்கும் பொருளின் அளவு முக்கியம். கிரிக்கெட் பந்தின் விட்டம் சுமார் 72 மில்லிமீட்டர். குழியின் வாயைவிடப் பெரிது. அது விளிம்பில் தடுக்கப்பட்டு நிற்கும். வடிவியல் கணக்குப் போட்டால், அகலத்துக்கும் உயரத்துக்கும் சராசரி எடுத்த வாய்க்குள் அது ஐந்து மில்லிமீட்டர் அளவே நுழையும். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். அது சுமார் பதின்மூன்று மில்லிமீட்டர் உள்ளே போகும். அதைவிடச் சிறிய பொருள் என்றால் விளிம்பு தடுக்கவே தடுக்காது; நேரே விழியைத் தைக்கும். 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சருக்கு நேர்ந்தது அதுதான். ஸ்டம்பிலிருந்து தெறித்த பெயில் அவருடைய இடது விழியைக் கிழித்தது. அத்தோடு அவர் ஓய்வுபெற்றார். இன்னொரு பக்கம் குத்துச்சண்டை வீரர் கெல் புரூக்கைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் கோலோவ்கினோடு மோதியபோது வலது கண்குழி எலும்பு முறிந்தது. 2017 மே மாதம் ஸ்பென்ஸோடு மோதியபோது இடது கண்குழி எலும்பு முறிந்தது. பிறகும் அவர் போட்டிகளில் இறங்கினார். பெரிய பொருள் பெரும்பாலும் எலும்பை எடுத்துக்கொள்கிறது. சிறிய பொருள் விழியை எடுத்துக்கொள்கிறது. என் வாதத்தின் எல்லையும் இதுவே: வாயைவிடப் பெரிய, மழுங்கிய பொருளின் அடிக்கே அது பொருந்தும்.

நண்பர்களே, இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் நோயாளியின் உடலிலேயே முறிவைப் படித்துவிடலாம். முப்பது வயது ஆண் ஒருவருக்கு இடக் கண்ணில் குத்து விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இமை வீங்கியிருக்கிறது. நேராகப் பார்த்தால் ஒன்றாகத் தெரிவது, மேலே பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிகிறது. ஏன்? விழிக்கு அடியில் ஓடும் தசையோ அதைச் சூழ்ந்த கொழுப்போ முறிவில் சிக்கி, விழியை மேலே ஏற விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கன்னமும் மேலுதடும் மேல்வரிசை முன்பற்களும் மரத்திருக்கின்றன. ஏன்? தரைக்குள் ஓடும் அந்த நரம்பு அடிபட்டிருக்கிறது. மூக்கைச் சிந்தினார், உடனே இமை புடைத்தது, தொட்டால் நறநறக்கிறது. ஏன்? சைனஸின் காற்று உடைந்த தரை வழியாக மேலேறிவிட்டது. முகத்தை முன்னிருந்து பின்னாக அடுக்கடுக்காகக் காட்டும் சி.டி. படத்தில், சைனஸுக்குள் ஒரு துளி தொங்குவதுபோல் திசு இறங்கியிருப்பது தெரிகிறது. வீக்கம் வடிந்த பிறகு கண் உள்வாங்கத் தொடங்குகிறது. குழியின் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டர் கூடினால் விழி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கும். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் எதிரே நிற்பவர் கண்ணுக்கே அது தெரியும்.

எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. முறிவு சிறிதாக இருந்து, இரட்டைப் பார்வை தானே குறைந்துவந்தால் காத்திருக்கலாம். தரையின் பாதிக்கு மேல் உடைந்திருந்தாலோ, கண் உள்வாங்கினாலோ, இரட்டைப் பார்வை நீங்காவிட்டாலோ, வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் சரிசெய்கிறார்கள். கீழிமையின் உட்புறத்தில் கீறி, சரிந்த திசுவை மேலே தூக்கி, ஓட்டையின்மேல் டைட்டானிய வலையையோ துளைகள் கொண்ட பாலித்தீன் தட்டையோ வைக்கிறார்கள். இங்கும் நம் விதியே ஆள்கிறது: தட்டுக்கும் தாங்கல் வேண்டும். பின்கோடியில் அண்ண எலும்பின் ஒரு சிறு விளிம்பு உடையாமல் நிற்கும். தட்டின் பின்முனை அதன்மேல் அமர வேண்டும். பார்வை நரம்பு அருகில் இருக்கிறதே என்று அஞ்சி, அந்த விளிம்பைத் தேடாமல் முன்னாலேயே நிறுத்திவிட்டால் தட்டின் முனை சைனஸுக்குள் சரியும். அறுவை முடிந்த பிறகும் கண் குழிந்தே இருக்கும்.

கடைசியாக, பெற்றோர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எட்டு, பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் எலும்பு உடைவதற்கு முன் வளையும். அடிபட்ட கணத்தில் தரை ஒரு கதவாகத் திறந்து, தசையைக் கவ்விக்கொண்டு, மீண்டும் மூடிவிடுகிறது. வெளியே வீக்கம் இருக்காது, கண் சிவக்காது, வெள்ளையாகவே இருக்கும். சி.டி. படத்திலும் எலும்பு விலகியதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் பிள்ளை வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், நாடித்துடிப்பு குறையும். சிக்கிய தசை இழுபடும்போது முக்கிளை நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போய், இதயத்தை மெதுவாக்கும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. தலையில்தான் அடி என்று எண்ணிப் பிள்ளையைப் படுக்கவைத்துக் காத்திருந்தால், இரத்த ஓட்டம் தடைபட்டு அந்தத் தசை கெட்டுப்போகும். அதன் பிறகு விடுவித்தாலும் பார்வை ஒன்றாகச் சேராமல் போகலாம். அதனால் ஒன்று செய்யுங்கள். கண்ணருகே அடிபட்ட பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்து, உங்கள் விரலை மேலும் கீழும் கொண்டுபோய்க் கண்களால் மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். ஒரு கண் மேலே ஏற மறுத்தால், அல்லது அப்படிப் பார்க்கும்போது வலித்தால், குமட்டினால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தசை சிக்கியிருந்தால் ஓரிரு நாளுக்குள் அதை விடுவிக்க வேண்டும். பெரியவரோ பிள்ளையோ, யாராக இருந்தாலும் மூக்கைச் சிந்த விடாதீர்கள். கண் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகத் தரை முழுதாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.